ஒரே பாகையில் குருவும் சனியும்: ஷட்பலத்தில் யார் முதல்?

2020 டிசம்பர் 21 மாலை, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் தென்மேற்கு வானில் குருவும் சனியும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 6 கலை, அதாவது பத்தில் ஒரு பங்கு பாகை. 1623க்குப் பிறகு இவ்வளவு நெருக்கமாக அவை வந்ததில்லை. ஜோதிடம் கற்பவருக்கு அந்த மாலை ஓர் அருமையான பயிற்சிக் கணக்கு. ஒரே ராசி, ஒரே பாகை, ஒரே பாவம், ஒரே நேரம். ஆனாலும் ஷட்பலம் போட்டுப் பார்த்தால் ஒன்று நூற்றுக்கு 144, மற்றொன்று 84. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்தாலே ஆறு பலங்களும் தாமாகவே விளங்கிவிடும்.

ஷட்பலம் என்றால் ஆறு வகை பலம்: ஸ்தானம், திக்கு, காலம், சேஷ்டை, நைசர்கிகம், திருக். பராசர ஹோரையில் இதற்கான விதிகள் இருக்கின்றன. ஸ்ரீபதி பத்ததி இதை விரிவாகக் கையாண்டது. இருபதாம் நூற்றாண்டில் பி.வி. ராமனின் ‘கிரஹ அண்ட் பாவ பலாஸ்’ படிப்படியான கணக்காக்கித் தந்தது. அளவு விரூபத்தில், 60 விரூபம் சேர்ந்தால் 1 ரூபம். சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களுக்கு மட்டுமே ஷட்பலம் உண்டு. ராகு கேதுவுக்குக் கிடையாது.

நம் கணக்குக்கு அன்று மாலை 6.30 மணி, சென்னை என்று எடுத்துக்கொள்வோம். லஹிரி அயனாம்சத்தில் லக்னம் மிதுனம் 16 பாகை. குருவும் சனியும் மகரம் 6 பாகை 18 கலையை ஒட்டி, லக்னத்துக்கு எட்டில். சூரியன் தனுசு 6, சந்திரன் மீனம் 1, புதன் தனுசு 6 பாகை 46 கலை, சுக்கிரன் விருச்சிகம் 13, செவ்வாய் மீனத்தின் கடைசிப் பாகை.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்குக்குத் திருக்கணிதப் பாகைதான் வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்குப் பெயர்ந்தது 2020 டிசம்பர் 27. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்ததும் அன்றுதான். அதன்படி 21ஆம் தேதி சனி இன்னும் தனுசில் இருக்கிறது. வானத்தில் இரண்டும் ஒட்டி நிற்க, வாக்கியத்தில் வேறு வேறு ராசியில் நிற்கின்றன. கோயில் வழிபாட்டுக்கும் பண்டிகைக்கும் வாக்கியம் இருக்கட்டும். பாகையை மூன்றால் வகுத்து மதிப்பெண் போடும் ஒரு முறைக்கு வானத்தில் கிரகம் நிற்கும் உண்மையான இடம் தேவை.

முதலில் ஸ்தான பலம். இதற்குள் ஐந்து பகுதிகள் உண்டு. அவற்றில் எளியது உச்ச பலம்: கிரகம் தன் நீசப் புள்ளியிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ அதை 3ஆல் வகுக்க வேண்டும். நீசத்தில் பூச்சியம், 180 பாகை தள்ளி உச்சத்தில் 60. குருவின் நீசப் புள்ளி மகரம் 5 பாகை. அன்று குரு அதைத் தாண்டி வந்தது 1.3 பாகைதான். எனவே 0.4 விரூபம். சனியின் நீசப் புள்ளி மேஷம் 20. மகரம் 6 பாகை 18 கலையிலிருந்து அது 103.7 பாகை தூரம். எனவே 34.6.

அடுத்தது சப்தவர்க்க பலம். ஷட்பலத்திலேயே உழைப்பு அதிகம் கேட்கும் பகுதி இது. தவறு நேர்வதும் இங்கேதான் அதிகம். ராசி, ஓரை, திரேக்காணம், சப்தாம்சம், நவாம்சம், துவாதசாம்சம், திரிம்சாம்சம் என்ற ஏழு வர்க்கத்திலும் கிரகம் யார் வீட்டில் இருக்கிறது என்று பார்க்கிறோம். சொந்த வீடு என்றால் 30, அதிநட்பு 22.5, நட்பு 15, சமம் 7.5, பகை 3.75, அதிபகை 1.875. ராசியில் மூலத்திரிகோணம் என்றால் 45.

இரண்டு கிரகமும் ஒரே பாகையில் நிற்பதால் ஏழு வர்க்கமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: மகர ராசி, சந்திரனின் ஓரை, மகரத் திரேக்காணம், சிம்ம சப்தாம்சம், கும்ப நவாம்சம், மீன துவாதசாம்சம், புதனின் திரிம்சாம்சம். சனிக்கு இதில் மூன்று சொந்த வீடு. அந்த மூன்றிலேயே 90 வந்துவிட்டது. குருவுக்கு அந்த மூன்றும் சனியின் வீடுகள். இங்கே கற்பவர்கள் சறுக்குவார்கள். குருவுக்குச் சனி இயற்கையில் சமம்தானே என்று ஒவ்வொன்றுக்கும் 7.5 போட்டுவிடுவார்கள். ஷட்பலத்துக்கு இயற்கை உறவு மட்டும் போதாது, தற்கால உறவையும் சேர்க்க வேண்டும். ஒரு கிரகத்துக்கு 2, 3, 4, 10, 11, 12ஆம் ராசிகளில் இருப்பவை தற்கால நட்பு, மற்றவை பகை. கூடவே நிற்பதும் பகைதான். குருவும் சனியும் ஒரே ராசியில் நிற்பதால் தற்காலப் பகை. சமமும் பகையும் சேர்ந்தால் பகை. ஆக, மூன்று இடத்திலும் குருவுக்கு 3.75 மட்டுமே.

அதற்காகக் குரு வெறுங்கையோடு நிற்கவில்லை. சந்திரனும் சூரியனும் அதற்கு இயற்கை நட்பு, அன்று தற்கால நட்பும் கூட. ஓரையிலும் சப்தாம்சத்திலும் 22.5 வீதம் 45 கிடைக்கிறது. மீன துவாதசாம்சம் சொந்த வீடு, 30. புதன் இயற்கைப் பகை, தற்கால நட்பு. இரண்டும் சேர்ந்து சமமாகி 7.5. கூட்டினால் குருவுக்கு 93.75, சனிக்கு 131.25. நீச கிரகத்துக்குப் பலமே இல்லை என்று சொல்பவர்கள் இந்த 93.75ஐ நின்று பார்க்க வேண்டும். உச்ச பலம் போனாலும் வர்க்கங்களில் கை கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன.

மீதி மூன்று பகுதியும் சுருக்கம். இரண்டும் பெண் ராசியான மகரத்தில் நின்று ஆண் நவாம்சத்தில் இருப்பதால் ஆளுக்கு 15. எட்டாமிடம் பணபரம் என்பதால் ஆளுக்கு 30. முதல் திரேக்காணம் ஆண் கிரகங்களுக்கு உரியது. குருவுக்கு மட்டும் 15. ஸ்தான பலம் மொத்தம் குருவுக்கு 154.2, சனிக்கு 210.8.

திக் பலத்தில் குருவும் புதனும் லக்னத்திலும், சந்திரனும் சுக்கிரனும் நான்கிலும், சனி ஏழிலும், சூரியனும் செவ்வாயும் பத்திலும் முழு 60 பெறுவார்கள். அதற்கு நேர் எதிர்ப் புள்ளியில் பூச்சியம். இடைப்பட்ட தூரத்தை 3ஆல் வகுக்க வேண்டும். எட்டில் இருக்கிறதே, இதற்கேது திக் பலம் என்று கட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. லக்னம் மிதுனம் 16 என்றால் ஏழாம் பாவத்தின் புள்ளி தனுசு 16. குருவும் சனியும் அதிலிருந்து 20 பாகைதான் தள்ளி இருக்கின்றன. சனிக்கு 53.4, குருவுக்கு 6.6. இரண்டையும் கூட்டினால் 60 வருகிறது பாருங்கள். குருவின் பூச்சியப் புள்ளிதான் சனியின் முழுப் புள்ளி, இரண்டும் நிற்பது ஒரே இடம். அதனால் 60 வந்தே ஆக வேண்டும். கையால் கணக்குப் போடுபவர் இத்தகைய ஜோடிகளை வைத்துத் தன் கணக்கைத் தானே சோதித்துக்கொள்ளலாம்.

கால பலத்தில் உறுப்புகள் இன்னும் அதிகம். பகலா இரவா என்று பார்க்கும் நதோன்னத பலத்தில் குரு நண்பகலில் முழு பலம், சனி நள்ளிரவில். மாலை ஆறரைக்கு ஏறத்தாழ சரிபாதி: 28.1, 31.9. பக்ஷ பலம் சூரிய சந்திர தூரத்தைப் பொறுத்தது. அன்று வளர்பிறை, 85 பாகை. சுபரான குருவுக்கு 28.4, பாபியான சனிக்கு 31.6. பகலையும் இரவையும் மும்மூன்றாகப் பிரிக்கும் திரிபாக பலத்தில் இரவின் முதல் பங்கு சந்திரனுக்கு. ஆனால் குருவுக்கு மட்டும் எந்த வேளையிலும் 60 உண்டு. அன்று திங்கட்கிழமை, சுக்கிர ஓரை; இரண்டுமே நம் இருவருக்கும் உதவவில்லை. 360 நாள் ஆண்டுக் கணக்கில் வருஷாதிபதி புதன், மாதாதிபதி சனி. அதனால் சனிக்கு 30. சூரியனின் தென்கோடிப் பாதைக்கு அருகே இருவரும் நின்றதால் அயன பலத்தில் வித்தியாசம் பெரிது. தெற்கே நின்றால் சனிக்கு ஏற்றம், குருவுக்கு இறக்கம்: 55.1, 4.9. மொத்தக் கால பலம் குருவுக்கு 121.4, சனிக்கு 148.6.

கால பலத்தின் கடைசி உறுப்பு யுத்த பலம். சூரிய சந்திரர் நீங்கலாக ஐந்தில் இரண்டு கிரகங்கள் ஒரு பாகைக்குள் நெருங்கினால் கிரக யுத்தம். அன்றைய நிலையை விடச் சுத்தமான யுத்தம் வேறு கிடைக்காது. ஆனால் வென்றது யார்? வடக்கே நிற்பது வெல்லும் என்பவர்களுக்குச் சனி. ஒளி மிகுந்தது வெல்லும் என்பவர்களுக்குக் குரு. எவ்வளவு மாற்றுவது என்பதிலும் இரண்டு வழி. இதுவரை வந்த பலங்களின் வித்தியாசத்தை, அயன பலம் சேர்க்காமல், அப்படியே எடுத்து வென்றவருக்குக் கூட்டித் தோற்றவருக்குக் கழிப்பது ஒன்று. இங்கே அது சுமார் 80 விரூபம். அந்த வித்தியாசத்தைக் கிரக பிம்பங்களின் விட்ட வித்தியாசத்தால் வகுத்து எடுப்பது இன்னொன்று. ராமனின் அட்டவணையில் குருவுக்கு 190.4, சனிக்கு 158. வகுத்தால் வெறும் 2.5. ஒரே பெயருள்ள பலம் ஒருவர் கையில் 80, இன்னொருவர் கையில் 2.5. இந்த அளவு கருத்து வேறுபாடு உள்ள உறுப்பைக் கற்பவர் மொத்தத்தில் கலக்காமல் தனியே குறித்துவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். இங்கும் அப்படியே விடுகிறேன்.

சேஷ்டா பலம் கிரகத்தின் ஓட்டத்தைப் பார்க்கிறது. வக்கிரத்தின் நடுவில், அதாவது சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது வெளிக்கிரகங்கள் 60ஐத் தொடும். சூரியனை நெருங்கி நேர்கதியில் வேகமாக ஓடும்போது குறையும். அன்று குருவும் சனியும் சூரியனுக்கு 30 பாகை பக்கத்தில் இருந்தன; எனவே 11.7, 11. சூரிய சந்திரருக்கு வக்கிரம் இல்லை என்பதால் முறையே அயன பலமும் பக்ஷ பலமுமே சேஷ்டையாகக் கொள்ளப்படும்.

நைசர்கிக பலம் எந்த ஜாதகத்திலும் மாறாது. 60ஐ ஏழு பங்காக்கிச் சூரியன், சந்திரன், சுக்கிரன், குரு, புதன், செவ்வாய், சனி என்று இறங்குவரிசை. குருவுக்கு 34.3, சனிக்கு 8.6. திருக் பலம் பார்வை: சுபர் பார்வையைக் கூட்டி, பாபர் பார்வையைக் கழித்து, கால் பங்கு எடுக்க வேண்டும். அன்று சுக்கிரனின் பார்வையையும் செவ்வாயின் பார்வையையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இனி மொத்தம். குரு 328, சனி 432. ரூபத்தில் சொன்னால் குருவுக்கு 5.5, சனிக்கு 7.2.

வரிசைப்படுத்த நினைப்பவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். மொத்தத்தை வைத்து வரிசை போடக் கூடாது. ஒவ்வொரு கிரகத்துக்கும் குறைந்தபட்சத் தேவை வேறு. பராசர ஹோரைப்படி சூரியன் 390, சந்திரன் 360, செவ்வாய் 300, புதன் 420, குரு 390, சுக்கிரன் 330, சனி 300. ஒவ்வொரு பாடத்துக்கும் பாஸ் மார்க் வேறாக இருக்கும் பரீட்சை போல. கிடைத்ததைத் தேவையால் வகுத்து வரும் விகிதமே வரிசைக்கு அடிப்படை.

இது ஏன் என்பதை அன்றைய புதனைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஏழாமிடத்தில் கேந்திரத்தில் நின்ற புதனுக்கு அதே முறையில் சுமார் 426 விரூபம் வருகிறது. சனி 432. வெறும் மொத்தத்தில் இரண்டும் அக்கம்பக்கம். விகிதத்தில் சனி 432/300, அதாவது 1.44, புதன் 426/420, அதாவது 1.01. ஒன்று தேவையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது, மற்றொன்று கோட்டைத் தொட்டு நிற்கிறது. குரு 328/390, 0.84.

புதனுக்கு 420 கேட்பது அநியாயம் என்று தோன்றலாம். ஆனால் சேர்மானத்தைப் பிரித்துப் பாருங்கள். நதோன்னத பலத்தில் புதனுக்குப் பகலானாலும் இரவானாலும் 60. அயன பலத்தில் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஏற்றமே, அன்று 59. குருவுக்கும் திரிபாகத்தில் நிரந்தர 60 உண்டு, நைசர்கிகத்தில் 34 உண்டு. சனிக்கு இப்படி எதுவும் இல்லை. நைசர்கிகத்தில் கடைசி இடம். எல்லா ஜாதகத்திலும் தானாகவே வந்து சேரும் இந்தப் பங்கைத் தேவைக் கணக்கு ஈடுசெய்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். மொத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சனியும் செவ்வாயும் தொடர்ந்து குறைவாகவே மதிக்கப்படும்.

மென்பொருள்களில் சூரியனுக்கு மட்டும் இரண்டு எண் புழங்குவதையும் கவனிக்க வேண்டும். ராமன் 5 ரூபம், அதாவது 300 என்று எடுத்தார். பராசர ஹோரையில் 390. 350 விரூபம் உள்ள சூரியன் ஒரு கணக்கில் 1.17, இன்னொன்றில் 0.90. அச்சிட்டு வந்த தாளில் விகிதம் மட்டும் இருந்தால், எதனால் வகுத்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

குரு எங்கே இழந்தது என்றும் தேடலாம். பராசர ஹோரை மொத்தத்துக்கு மட்டுமல்லாமல் உறுப்பு உறுப்பாகவும் தேவை சொல்கிறது. குருவுக்கு ஸ்தான பலம் 165, திக் பலம் 35. நம் குரு ஸ்தானத்தில் 154. நீசமாக இருந்தும் பதினொன்றுதான் குறைவு. திக்கிலோ 35க்கு 6.6. அதே நாள் அதே குரு, காலை மகர லக்னம் உதிக்கும் நேரத்தில் லக்னத்தில் நின்றிருந்தால் திக் பலம் 60ஐ ஒட்டி வந்திருக்கும். பணபரத்தின் 30 கேந்திரத்தின் 60 ஆகியிருக்கும். நீசம்தான் குருவைக் கீழே தள்ளியது என்று மேலோட்டமாகச் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

விகிதம் வந்த பிறகும் இந்த முறைக்குத் தெரியாதவை சில உண்டு. அன்று புதன் சூரியனுக்கு ஒரு பாகைக்குள் இருந்தது, முழு அஸ்தங்கதம். ஷட்பலம் அதற்கு ஒரு விரூபம்கூடக் கழிக்கவில்லை. நீசமான குருவோடு வீட்டுக்காரனான சனியே நிற்கிறது. சிலர் இதை நீசபங்கம் என்பார்கள். ஷட்பலம் அதற்கு ஒன்றும் கூட்டவில்லை, மாறாகச் சேர்ந்து நின்றதைப் பகையாகக் கொண்டு குறைத்திருக்கிறது. மிக முக்கியமானது: 1.44 என்ற எண் சனி நல்லது செய்யும் என்று சொல்லவில்லை. மிதுன லக்னத்துக்குச் சனி எட்டுக்கும் ஒன்பதுக்கும் உடையவன்; எட்டிலேயே நிற்கிறான். தன் பலனைத் தர அவனுக்குத் திறன் நிறைய இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள். பலன் எது என்பதைப் பாவமும் ஆதிபத்தியமும் தசையும்தான் சொல்ல வேண்டும்.

எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் புதனே உதாரணம். தனுசு 6 பாகை 40 கலையில் இரண்டாம் நவாம்சம் முடிந்து மூன்றாவது தொடங்குகிறது. புதன் 6 பாகை 46 கலையில், எல்லையைத் தாண்டி ஆறே கலை. இந்தப் பக்கம் மிதுன நவாம்சம்: சொந்த வீடு 30, ஆண் நவாம்சம் 15. அந்தப் பக்கம் ரிஷப நவாம்சம்: அதிநட்பு 22.5, ஆண் நவாம்ச மதிப்பெண் இல்லை. நேரத்தை இரண்டு மணி பின்னால் வைத்தால் போதும், அல்லது அயனாம்சம் கொஞ்சம் கூடினால் போதும், 22.5 விரூபம் குறைந்துவிடும். புதன் 426இலிருந்து 404க்கு இறங்கி, விகிதம் 1.01இலிருந்து 0.96 ஆகும். சனி முதல், புதன் நடு, குரு கடைசி என்ற வரிசை அப்போதும் மாறாது. ஆனால் புதன் தேவையை எட்டியது, எட்டவில்லை என்று எதையும் அடித்துச் சொல்ல முடியாது. எந்த ஜாதகத்திலும் இரண்டு கிரகங்களின் விகிதம் ஐந்து நூற்றில் ஒரு பங்குக்குள் நெருங்கி வந்தால், வர்க்க எல்லையை ஒட்டி நிற்பது எது என்று பார்த்துவிட்டு, அவை இரண்டையும் ஒரே படியில் வைத்துவிடலாம்.